மீன் ஏன் விடியலில் சாகிறது, கடல் ஏன் மூச்சுத் திணறுகிறது: கேள்வி பதில்

கேள்வி (கோபி பக்கம், பண்ணைக் குட்டை வைத்திருப்பவர்): இரண்டு நாள் வானம் மூடாக்காக இருந்தது, அண்ணா. மூன்றாம் நாள் விடியற்காலையில் பெரிய கட்லாக்கள் எல்லாம் மிதந்தன. சிறு மீன்கள் பிழைத்துக்கொண்டன. மேலே இருக்கும் தோட்டத்தில் மருந்தடித்த தண்ணீர் வந்ததுதான் காரணமா?

நீங்கள் சொல்வதிலேயே விடை இருக்கிறது, தம்பி. பூச்சிமருந்து பெரிய மீன், சிறிய மீன் என்று பார்க்காது. எந்த நேரத்திலும் கொல்லும். ஆக்சிஜன் குறையும்போதுதான் பெரிய மீன் முதலில் சாகும், அதுவும் விடியலுக்குச் சற்று முன்னால். குட்டை பச்சையாக இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுகிறது. இரவில் பாசி, மீன், அடிச்சேறு மூன்றும் அதைச் செலவழிக்கின்றன. மூடாக்கான நாளில் வரவு குறைகிறது, செலவு அப்படியே இருக்கிறது. இரண்டாம் இரவு முடியும்போது கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. இனிமேல் மூடாக்கான நாள்களில் விடியலுக்கு முன் டார்ச் எடுத்துக்கொண்டு கரைக்குப் போங்கள். மீன்கள் வாயை மேற்பரப்பில் வைத்து விழுங்கிக்கொண்டிருந்தால், நத்தைகள் கரையோரம் ஏறியிருந்தால், உடனே மோட்டாரைப் போட்டு அதே தண்ணீரை உயரத்திலிருந்து சிதறவிட்டுக் குட்டையிலேயே விழ வையுங்கள். தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள்: ஒரு சாண் ஆழத்துக்குள் மறைந்துவிட்டால் பாசி மிகுதி. பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடச் சொல்வார்கள். மொத்தப் பாசியும் ஒரேயடியாகச் செத்து அழுகினால் மிச்ச மீனும் போய்விடும்.

கேள்வி (பெருந்துறை, கல்லூரி மாணவி): பாசியும் செடிதானே, சார்? அது ஆக்சிஜன் தரும் என்றுதான் படித்தோம். பாசி அதிகமானால் ஆக்சிஜனும் அதிகமாகத்தானே வேண்டும்?

பாதி சரிம்மா. பாசி உயிரோடு வெளிச்சத்தில் இருக்கும்வரை நீங்கள் படித்தது நடக்கிறது. மேல்நீரில் நண்பகலில் அளந்தால் ஆக்சிஜன் மிகுதியாகவே இருக்கும், அதை நம்பி ஏமாறுபவர்களும் உண்டு. ஆனால் பாசியின் ஆயுள் சில நாள்கள்தான். செத்தது அடியில் இறங்குகிறது, பாக்டீரியா அதைத் தின்று அடிநீரின் ஆக்சிஜனைச் செலவழிக்கிறது. மேலே உற்பத்தியான ஆக்சிஜனில் பெரும்பகுதி காற்றோடு போய்விட்டது, அடிக்கு வந்து சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பதுதான் முக்கியம். ஆற்று நீர் கடலில் கலக்கும் இடத்தில் நன்னீர் இலேசானது, பாலாடைபோல உப்புநீரின் மேல் படுத்துக்கொள்கிறது. கோடையில் மேல்நீர் சூடாகி இன்னும் இலேசாகிறது. பலத்த காற்றோ புயலோ வந்து கலக்கும்வரை அடிநீருக்குப் புது ஆக்சிஜன் கிடையாது. வயல் உரத்தை அடித்துவரும் மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்குமிடத்தில், அந்த உரத்தால் பாசி பெருகி, ஒவ்வொரு கோடையும் இதுதான் நடக்கிறது. லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே ஆக்சிஜன் இறங்கிய பரப்பை அங்கே 1985 முதல் கப்பலில் போய் அளந்துவருகிறார்கள். 2017இல் அது சுமார் 22,700 சதுர கிலோமீட்டர். நீந்தத் தெரிந்த மீன் தப்பிவிடும். சிப்பியும் புழுவும் இருந்த இடத்திலேயே சாகும்.

கேள்வி (சிவகிரி, மஞ்சள் விவசாயி): என் வயலில் போடும் ஒரு மூட்டை யூரியா கடலையே கொல்லும் என்றால் நம்பும்படியாக இல்லை, ஐயா.

ஒரு மூட்டை கடலைக் கொல்லாது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் ஏறக்குறைய 20 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ, நைட்ரேட்டாகக் கரைந்து பள்ளத்துக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் வயலில் கூடவோ குறையவோ இருக்கலாம். பாசியின் உடலில் கார்பனும் நைட்ரஜனும் பெரும்பாலும் ஒரே விகிதத்தில் இருப்பதால், 1 கிலோ நைட்ரஜனை உண்டு வளர்ந்த பாசி முழுதும் அழுக ஏறக்குறைய 20 கிலோ ஆக்சிஜன் தேவை. அப்படியானால் 2 கிலோவுக்கு 40 கிலோ. நம் ஊர் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் நன்னீர் தாங்கும் ஆக்சிஜன் ஏழரை கிராம்தான். அதை 2 கிராமுக்கு இறக்க ஐந்தரை கிராம் செலவானால் போதும். வகுத்துப் பார்த்தால், மூச்சுத் திணறும் தண்ணீர் 70 லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. பாசி முழுதும் அடைபட்ட அடிநீரில் அழுகினால் வரும் உச்சக் கணக்கு இது. நிஜத்தில் குறையும்.

உங்களால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது. மேலுரத்தைச் சிறுசிறு தவணையாகப் பிரியுங்கள். யூரியா போட்டதும் வாய்க்கால் தண்ணீரை வயல் நிறையக் கட்டாதீர்கள், வேருக்குக் கீழே இறங்கிவிடும். சொட்டுநீரோடு கரைத்துக் கொடுத்தால் இழப்பு இன்னும் குறையும். மழை இருட்டிக்கொண்டு வரும்போது மூட்டையைப் பிரிக்கவே வேண்டாம்.

கேள்வி (ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர், ஈரோடு): நைட்ரஜனை மட்டும் பேசுகிறீர்கள். ஏரி, அணைகளில் பாசியைக் கட்டுப்படுத்துவது பாஸ்பரஸ் அல்லவா?

ஐயா சொல்வதற்கு வலுவான சான்று உண்டு. 1973இல் கனடாவில் ஓர் ஏரியைத் திரை கட்டி இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் இட்டார்கள். பாஸ்பரஸ் போன பக்கம்தான் பச்சையானது. காற்றிலிருந்தே நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசிக்கு நைட்ரஜன் தடையில்லை என்பது அந்தத் தரப்பின் வாதம். கடலோரத்தில் பெரும்பாலும் நைட்ரஜன்தான் கடிவாளம். ஆனால் அணைநீரிலும் இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டுமா, பாஸ்பரஸ் மட்டும் போதுமா என்று இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை. நான் இரண்டையும் குறைக்கச் சொல்பவர்கள் பக்கம். ஏனென்றால் அணையில் தடுக்காத நைட்ரஜன் கீழே கடலில் வேலையைக் காட்டும். வழியும் வேறு: நைட்ரேட் தண்ணீரோடு கரைந்து போகிறது, பாஸ்பேட் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு அரிப்பில் போகிறது. வரப்பில் புல் விட்டால் இரண்டாவதை நன்றாகத் தடுக்கலாம், முதலாவது அதற்கு அவ்வளவாக அடங்காது.

கேள்வி (திருப்பூர்): நொய்யலில் மழைக்காலத்தில் வரும் நுரைக்கும் உரம்தான் காரணமா?

அது வேறு சங்கதி. நுரை சோப்பு, சாயப்பட்டறை, சாக்கடை வகையறாவால் வருவது. சாக்கடைக் கழிவு நேரடியாகவே ஆக்சிஜனைத் தின்னும், நடுவில் பாசி தேவையில்லை.

கேள்வி (நாமக்கல்): நான் ரசாயன உரமே போடுவதில்லை, கோழி எரு மட்டும்தான். எனக்கு இதில் பங்கில்லைதானே?

பங்கு உண்டு. பாசிக்கு மூட்டையா, எருவா என்று தெரியாது. கோழி எருவில் பாஸ்பரஸ் அதிகம். நைட்ரஜன் தேவையைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் கொட்டினால் பாஸ்பரஸ் மண்ணில் சேர்ந்துகொண்டே போகும். மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து "அதிகம்" என்று வந்தால் எருவை அடுத்த வயலுக்கு மாற்றுங்கள். எருக்குவியலை ஓடையோரம் வைக்காதீர்கள்.

கேள்வி (கரூர்): காவிரித் தண்ணீர் கடலுக்குப் போவதே அரிது. வங்கக் கடல் ஏற்கெனவே செத்துவிட்டது என்றும் சொல்கிறார்கள். இனி திருத்த முடியுமா?

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். வங்கக் கடலின் நடு ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைந்த அடுக்கு இருப்பது இயற்கையானது, உரத்துக்கு முன்பே இருந்தது. நம் உரம் முதலில் தேங்குவது அணையிலும் கதவணையிலும் வாய்க்காலிலும்தான். மேட்டூரில் பச்சை படர்ந்து நாற்றமெடுத்ததைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். வெள்ளம் வரும் ஆண்டில் அது கீழே போகிறது.

திருத்த முடியும் என்பதற்குக் கருங்கடல் சாட்சி. டான்யூப் ஆறு கொண்டுவந்த உரச்சத்தால் அதன் வடமேற்குக் கரையோரத்தில் 1970களிலும் 80களிலும் பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் அடிநீர் கோடைதோறும் மூச்சுத் திணறியது. 1991க்குப் பின் சோவியத் கூட்டமைப்பும் அதன் மானியங்களும் போய், உரப் பயன்பாடு சரிந்தது. சில ஆண்டுகளிலேயே ஆக்சிஜனற்ற பரப்பு வெகுவாகச் சுருங்கிவிட்டது. ஆனால் அந்த மீட்சியை விவசாயிகளின் வருமானச் சரிவு விலைகொடுத்து வாங்கியது. சேற்றில் சேர்ந்த பாஸ்பரஸும் ஆக்சிஜன் குறையும்போது மறுபடி நீருக்குள் கரைகிறது. அடித்தள உயிர்கள் திரும்புவதும் மெதுவாகத்தான் நடந்தது, பழைய சிப்பிப் படுகைகள் எல்லா இடத்திலும் பழைய நிலைக்கு வரவில்லை.