ரிமோட் சாவியின் பேட்டரி ஏன் மாதாமாதம் தீர்கிறது?

கேள்வி: காரின் ரிமோட் சாவியில் புது பேட்டரி போட்டால் ஒரு மாதம்தான் தாங்குகிறது. கடைக்காரர் ஒவ்வொரு முறையும் ‘பேட்டரி போலி’ என்கிறார். உண்மையில் எங்கே கோளாறு?

போலி பேட்டரி சந்தையில் இல்லாமல் இல்லை. ஆனால் போலிகள் ஒரே நாள் கணக்கில் செத்துப்போகாது; ஒன்று பத்து நாள் தாங்கும், இன்னொன்று நான்கு மாதம் ஓடும். மாதம் தவறாமல் தீர்கிறது என்றால் சாவிக்குள் ஏதோ ஒன்று விடாமல் மின்சாரத்தைக் குடிக்கிறது.

எவ்வளவு குடிக்கிறது என்பதையும் அந்தக் கணக்கே சொல்லிவிடும். நல்ல சி.ஆர். 2032 பேட்டரியின் கொள்ளளவு சுமார் 220 மில்லியாம்பியர் மணி. ஒரு மாதத்துக்கு 720 மணி நேரம். வகுத்தால் 0.3 மில்லியாம்பியர் வருகிறது. சும்மா கிடக்கும் சாதாரண ரிமோட்டுக்குச் சில மைக்ரோஆம்பியர் போதும். அதனால்தான் பேட்டரி வருடக்கணக்கில் தாங்குகிறது. பட்டனை அழுத்தி சிக்னல் போகும்போது பத்து மில்லியாம்பியர் அளவுக்கு ஏறும். அப்படியே நீடித்தால் பேட்டரி ஒரே நாளில் தீர்ந்துவிடும். உங்களுடையது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அழுந்தியபடியே இருக்கும் பட்டனின் குணம் இது: பல சாவிகளில் சில விநாடிகளில் சிக்னல் தானாக நின்றுவிடும், ஆனால் உள்ளே இருக்கும் சிப் உறங்கப் போகாமல் விழித்துக்கொண்டே இருக்கும்.

சரி, பட்டன் ஏன் அழுந்துகிறது? பக்கத்து வீட்டுக்காரரின் சாவியில் நான் பார்த்த காரணம் பலரும் யோசிக்காதது. மூடியைத் திறந்தால் உட்புறத்தில் 2025 என்று அச்சிட்டிருந்தது. உள்ளே கிடந்ததோ 2032. முதல் இரண்டு இலக்கங்கள் விட்டம், 20 மி.மீ. அதில் வித்தியாசம் இல்லை, அதனால் பள்ளத்தில் அழகாக உட்கார்ந்துகொள்ளும். கடைசி இரண்டும் தடிமன்: ஒன்று 2.5 மி.மீ., மற்றது 3.2 மி.மீ. ‘இது பெரிசு, அதிக நாள் வரும்’ என்று கடையில் கொடுத்திருக்கிறார்கள். கூடுதலான 0.7 மி.மீ. எங்கே போகும்? மூடியை அமுக்கி மூடியதும் பேட்டரி சர்க்யூட் போர்டை மேலே தள்ளி, போர்டில் உள்ள ஸ்விட்சுகளை ரப்பர் பட்டன்களோடு மோதவைத்தது. அந்தக் குட்டி ஸ்விட்ச் வேலை செய்ய கால் மில்லிமீட்டர் இறங்கினாலே போதும். சாவியின் ஓரத்தில் நகம் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல் தெரிந்தது, அதுதான் அடையாளம்.

உங்கள் சாவியில் இதைச் சோதிக்க மல்டிமீட்டரும் ஒரு துண்டுக் காகிதமும் வேண்டும். மூடியைக் கழற்றி, பேட்டரிக்கும் அதைத் தொடும் தகட்டுக்கும் நடுவே காகிதத்தைச் செருகுங்கள். மீட்டரை மில்லியாம்பியர் அளவில் வைத்து, ஒரு முனையைத் தகட்டிலும் மற்றதைப் பேட்டரியின் அதே பக்கத்திலும் வையுங்கள். பட்டன் எதையும் தொடாதபோது எண் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டும். இனி போர்டை விரலால் ரப்பர் பக்கம் மெல்ல அமுக்குங்கள். எண் எகிறினால் குற்றவாளி தடிமன்தான். மூடியில் எழுதியுள்ள எண் கொண்ட பேட்டரியை வாங்கிப் போடுங்கள். தலைகீழாக, 2032 பள்ளத்தில் 2025 போட்டு, இடைவெளிக்குத் தாள் மடித்து வைப்பதும் வேண்டாம். தொடர்பு விட்டுவிட்டு வரும். பேட்டரி தீராமலே தீர்ந்ததுபோல் நடிக்கும்.

எதையும் தொடாதபோதே எண் ஏறி நிற்கிறதா? அப்படியானால் கசிவு போர்டிலேயே இருக்கிறது. ஒவ்வொரு ஸ்விட்சையும் தீக்குச்சி முனையால் அழுத்திப் பாருங்கள். ‘டிக்’ என்று துள்ளி மேலே வர வேண்டும். ஒன்று மட்டும் மந்தமாக இருந்தால் அதுதான் சிக்கியது. மழையில் நனைந்த சாவி, வியர்வை ஊறிய சாவி என்றால் ஸ்விட்சின் கால்களுக்கு நடுவே பச்சை அல்லது வெள்ளைப் படிவம் தெரியும். பேட்டரியை எடுத்துவிட்டு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பல்துலக்கும் பிரஷைத் தோய்த்துத் தேயுங்கள், நன்றாகக் காய்ந்த பிறகு மீண்டும் அளந்து பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் ஸ்விட்சை மாற்ற வேண்டும். மொபைல் பழுதுபார்ப்பவர் சிறிது நேரத்தில் முடித்துவிடுகிற வேலை இது. அதற்காகப் புதுச் சாவி வாங்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் முன்னால், சாவிக்கு ரப்பர் உறை போட்டிருந்தால் அதை இன்றே கழற்றிவிடுங்கள். அளவு பொருந்தாத உறை, பாக்கெட்டில் சாவிக்கொத்தோடு நெருங்கும்போது பட்டனை அழுத்திக்கொண்டேதான் இருக்கும்.

சார்ஜ் செய்யும் எல்.ஐ.ஆர். 2032 என்று ஒன்றையும் சிலர் சிபாரிசு செய்வார்கள். முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரை போகும் அதை 3 வோல்ட்டுக்காகச் செய்த சாவியில் போடாதீர்கள். கொள்ளளவும் சாதாரண 2032-இல் கால் பங்குகூட வராது.