வீட்டு அட்வான்ஸ் திரும்பக் கேட்கும் கடிதம்: மாதிரியை உங்கள் கடிதமாக்குவது எப்படி?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பல வருடங்களாக மனுவும் கடிதமும் எழுதிக் கொடுப்பவர், வாடகை வீட்டு அட்வான்ஸ் தொடர்பாக வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கே (திருப்பாதிரிப்புலியூர்): மார்ச் கடைசியில் வீட்டைக் காலி செய்தோம். அட்வான்ஸ் 40,000. வீட்டுக்கார அக்கா 15,000 மட்டும் அனுப்பிவிட்டு, "பெயிண்ட், கரண்ட் பில் எல்லாம் கழிச்சாச்சு" என்கிறார். நெட்டில் ஒரு மாதிரிக் கடிதம் கிடைத்தது. பெயர், தொகை மட்டும் மாற்றி அனுப்பிவிடலாமா?

ப: நீங்கள் இணைத்திருந்த மாதிரியை முழுக்கப் படித்தேன். அதில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது: "தங்களிடம் செலுத்திய வைப்புத்தொகை முழுவதையும் திருப்பித் தருமாறு நேரிலும், தொலைபேசியிலும், கடிதம் மூலமும் பலமுறை கேட்டும் தாங்கள் அலட்சியம் செய்து வருகிறீர்கள். இதனால் கடும் மன உளைச்சலுக்கு ஆளாகியுள்ளேன்."

இதில் உங்களுக்கு நடந்தது எது? கடிதம் மூலம் நீங்கள் கேட்டதே இல்லை, இதுதான் முதல் கடிதம். அக்கா அலட்சியமும் செய்யவில்லை, 15,000 அனுப்பியிருக்கிறார். "முழுவதையும்" என்று எழுதினால், வந்த பணத்தை மறைத்தது போல ஆகிவிடும். நாளைக்கு இது வழக்கு வரை போனால், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கையில் எடுப்பது இந்தப் பத்தியைத்தான். "எந்தத் தேதியில் கடிதம் போட்டீர்கள், நகல் எங்கே?" என்பார். பதில் இருக்காது. ஒரு வரி பொய் என்று ஆகிவிட்டால், அப்புறம் உண்மையான வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

அதனால் மாதிரியை மூடி வைத்துவிடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் இவற்றை மட்டும் எழுதுங்கள்: எப்போது குடிவந்தீர்கள், அட்வான்ஸை எந்தத் தேதியில் எந்த வழியில் கொடுத்தீர்கள், சாவியை யார் கையில் கொடுத்தீர்கள், எவ்வளவு திரும்பி வந்தது, அக்கா வாயால் என்ன காரணம் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதற்கான சான்றைக் குறியுங்கள்: பேங்க் ஸ்டேட்மென்ட், வாட்ஸப் மெசேஜ், சாவி கொடுக்கும்போது பக்கத்தில் இருந்த ஆள். மாதிரியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் வரிசையை மட்டும்தான். அதாவது யார் யாருக்கு எழுதுகிறார், என்ன நடந்தது, என்ன வேண்டும், எப்போதைக்குள் வேண்டும்.

இன்னொன்று. வாடகை ஒப்பந்தத்தை எடுத்து, பெயிண்ட் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் எவ்வளவு கேட்பது என்று முடிவு செய்ய முடியாது.

கே (நெய்வேலி): அவ்வளவு நாசூக்காகப் போனால் வேலைக்கு ஆகாது. சட்டப்பிரிவு நாலைந்து போட்டால்தான் பயப்படுவார்கள். என்னிடம் ஒரு மாதிரி இருக்கிறது, ஐபிசி 420 எல்லாம் போட்டு. இவருக்கு அதையே கொடுக்கலாமே?

ப: சரியான பிரிவு ஒன்று இருந்தால் கடிதத்துக்குக் கனம் கூடும், அதில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த மாதிரி பழையது. இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்த விஷயத்துக்கு 420 என்று எழுதினால், எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது என்று படிக்கிறவருக்குத் தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், கணக்கில் தகராறு என்பது பெரும்பாலும் சிவில் விஷயம். அட்வான்ஸை வாங்கும்போதே வீட்டுக்காரருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட முடியாமல் மோசடி என்று எழுதுவது வெறும் வசவாகத்தான் நிற்கும். பேசித் தீர்க்க இருந்த வழியும் அடைபட்டுப் போகும்.

கடலூர் வீட்டுக்குப் பொருந்துவது தமிழ்நாட்டின் 2017-ஆம் வருட வாடகைச் சட்டம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகைதாரர் கொடுக்க வேண்டியதைக் கழித்துக்கொண்டு, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்த ஒன்றைச் சொன்னாலே போதும். ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகாமல் இருந்தால் அந்தச் சட்டத்தின் கீழ் எவ்வளவு தூரம் போகலாம் என்பதில் வக்கீல்களே ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அதனால் கடிதத்தை முதலில் ஒப்பந்தத்தின் மேல் நிறுத்துங்கள், சட்டம் அதற்குத் துணையாக வரட்டும்.

கே (முத்தியால்பேட்டை, புதுச்சேரி): எனக்கும் இதே பிரச்சினைதான். இந்தத் தமிழ்நாட்டுச் சட்ட வரியை நானும் போட்டுக்கொள்கிறேன், நன்றி.

ப: போடாதீர்கள். உங்கள் வீடு யூனியன் பிரதேசத்தில் இருக்கிறது, தமிழ்நாட்டுச் சட்டசபை போட்ட சட்டம் அங்கே செல்லாது. நீங்கள் உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள வரியை அப்படியே எடுத்தெழுதி, அதன் மேல் கேளுங்கள். சட்டம் சேர்க்க வேண்டுமென்றால் புதுச்சேரி வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிட்டுச் சேருங்கள். பாகூர் பக்கம் இருப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அங்கே எல்லை பின்னிக் கிடக்கிறது. வீட்டு வரி ரசீது எந்த அரசாங்கத்துடையது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே (கடலூர் முதுநகர்): நான் வீட்டுக்காரன். போன மாதம் எனக்கு இப்படி ஒரு கடிதம் வந்தது. என் வீடு ஓட்டு வீடு. கடிதத்தில் "அடுக்ககத்தின் இரண்டாம் தளம்" என்று இருக்கிறது. "பராமரிப்புச் சங்கக் கட்டணம்" என்கிறார். நான் பதிலே போடவில்லை. தப்பா?

ப: கோபம் வருவது இயல்புதான், ஆனால் பதில் போடுங்கள். அவர் எழுதிய விதம் தப்பு, அதனால் அவருக்கு வர வேண்டிய பணம் இல்லாமல் போய்விடாது. நீங்கள் எவ்வளவு வாங்கினீர்கள், எதற்காக எவ்வளவு பிடித்தீர்கள் என்று பில்லோடு எழுதி அனுப்புங்கள். நீங்களும் மாதிரி தேடிப் போக வேண்டாம்.

எழுதுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அந்த வீட்டுக்காரர் இரண்டாவது வரியிலேயே கடிதத்தைக் கீழே வைத்துவிட்டார். மாதிரியிலிருந்து மிஞ்சிப்போகும் சொற்கள் பெரும்பாலும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும்: இல்லாத மாடி, இல்லாத சங்கம், வேறு ஊர் நீதிமன்ற எல்லை, "இணைப்பு: 4" என்று போட்டு உள்ளே ஒன்றுகூட இல்லாமல் இருப்பது. அனுப்புவதற்கு முன்னால், வீட்டைத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "இது எந்த வீடு?" என்று அவர் கேட்டால், அந்த இடத்தைத் திருத்துங்கள்.

கே (பண்ருட்டி): பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவ் லெட்டர் எழுதணும். நல்ல மாதிரி ஒன்று அனுப்புங்க.

ப: அதற்கு மாதிரியே வேண்டாம். என்றைக்கு வரவில்லை, ஏன் என்று உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி போதும்.

கே (திருப்பாதிரிப்புலியூர்): முதலில் கேட்டவள்தான். ஒப்பந்தம் பார்த்தேன். "காலி செய்யும்போது வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை" என்று இருக்கிறது. வாடகை 8,000. கடைசி கரண்ட் பில் 1,150, அதையும் நாங்கள் கட்டவில்லை. அப்படியென்றால் நான் கேட்கவே கூடாதா? அப்புறம், மூன்று வருடம் அக்கா என்று கூப்பிட்டவரை "ஐயா/அம்மையீர்" என்று எழுதக் கை வரவில்லை.

ப: தாராளமாகக் கேட்கலாம், தொகைதான் மாறும். ஒப்பந்தத்தில் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால், வெள்ளையடிப்பது வீட்டுக்காரர் பொறுப்பு என்றுதான் அந்தச் சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. நீங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பதால் 8,000 போகட்டும். 40,000-இல் 8,000, 1,150 இரண்டும் போக 30,850. அதில் 15,000 வந்துவிட்டது. மீதி 15,850. மாதிரியை நிரப்பி அனுப்பியிருந்தால் 40,000 கேட்டிருப்பீர்கள், அவர் ஒப்பந்தத்தைத் தூக்கிக் காட்டியிருப்பார்.

உங்கள் குறிப்புகளை வைத்து இப்படி எழுதிப் பார்த்தேன்:

"வணக்கம் அக்கா. உங்கள் மாடி வீட்டில் 2023 ஜூன் முதல் 2026 மார்ச் 31 வரை குடியிருந்தோம். வரும்போது அட்வான்ஸ் ரூ.40,000 கொடுத்தோம். அதில் ரூ.30,000 மே 28 அன்று என் கணவர் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு வந்தது. ரூ.10,000 அன்று மாலை உங்கள் வீட்டில் வைத்துக் கையில் கொடுத்தோம். காலி செய்த அன்றே சாவியை உங்களிடம் கொடுத்துவிட்டோம். ஏப்ரல் 9 அன்று ரூ.15,000 அனுப்பினீர்கள், கிடைத்தது. ஒப்பந்தப்படி வெள்ளையடிக்க ரூ.8,000, கடைசி கரண்ட் பில் ரூ.1,150 கழிப்பதில் எங்களுக்குச் சம்மதம். அது போக ரூ.15,850 வர வேண்டும். வேறு ஏதாவது செலவு பிடித்திருந்தால், என்ன வேலை, எவ்வளவு என்று பில்லோடு எழுதித் தாருங்கள். காலி செய்து ஒரு மாதம் தாண்டிவிட்டது. மே 25-க்குள் அதே கணக்குக்கு அனுப்பிவிட்டால் நல்லது. இந்த மூன்று வருடத்தில் நமக்குள் ஒரு மனத்தாங்கலும் வந்ததில்லை, இதிலும் வர வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்."

"அக்கா" என்று எழுதுவதால் எதுவும் கெட்டுவிடாது. உறையிலும் தலைப்பிலும் அவருடைய முழுப்பெயரும் விலாசமும் இருக்கட்டும், அதுதான் தேவை. கடைசி வரி உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். அது நான் எழுதியது, நீங்கள் சொன்னதல்ல.

கே (லாஸ்பேட்டை, புதுச்சேரி): எனக்கு எழுதவே வராது. எழுத உட்கார்ந்தால் மாதிரியில் உள்ள வார்த்தைகள்தான் வருகின்றன. என்ன செய்வது?

ப: எழுத உட்காராதீர்கள். நடந்ததை உங்கள் அண்ணனிடமோ அம்மாவிடமோ சொல்வது போல போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டு அப்படியே எழுதுங்கள். திட்டு வந்த இடங்களை அடித்துவிடுங்கள், தேதியும் தொகையும் விட்டுப்போன இடங்களில் சேருங்கள். "குடுத்தோம்" என்பதைக் "கொடுத்தோம்" என்று மாற்றினால் போதும், "செலுத்தியுள்ளோம்" வரை போக வேண்டியதில்லை.

கே (மஞ்சக்குப்பம்): மாதிரியில் "பதிவுத் தபாலில்" என்று இருக்கிறது. தபால் ஆபீஸில் அது இப்போது இல்லை என்கிறார்களே?

ப: ஆமாம், 2025 செப்டம்பர் 1 முதல் அதை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்பீட் போஸ்டில் போட்டு, ரசீதைக் கடிதத்தின் நகலோடு பின் அடித்து வையுங்கள். டெலிவரி ஆனதும் டிராக்கிங் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். கடிதத்தின் தலையிலும் "ஸ்பீட் போஸ்ட் மூலம்" என்றே எழுதுங்கள்.

கே (திருப்பாதிரிப்புலியூர்): கடைசியாக ஒன்று. அந்தக் கையில் கொடுத்த 10,000-க்கு ரசீது இல்லை. ஒப்பந்தத்திலும் அட்வான்ஸ் 30,000 என்றுதான் போட்டிருக்கிறார்கள். மாதிரியில் இருப்பது போல "ரசீது பெற்றுக்கொண்டு" என்று எழுதிவிட்டால் பாதுகாப்பாக இருக்குமா?

ப: வேண்டாம். இல்லாத ரசீதை எழுதினால் மீதி 30,000-க்கும் சேர்த்துச் சந்தேகம் வரும். "கையில் கொடுத்தோம்" என்ற வரி அப்படியே நிற்கட்டும். அப்போது உடன் யாராவது இருந்திருந்தால் அவரை மட்டும் சேருங்கள். அக்கா 15,000 அனுப்பியபோது வாட்ஸப்பில் "40-ல் இவ்வளவு கழிச்சிருக்கேன்" என்பது போல ஏதாவது எழுதியிருக்கிறாரா என்றும் தேடிப் பாருங்கள். இருந்தால் ரசீதுக்கு அடுத்தபடி அதுதான், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இல்லையென்றால், அந்தப் பத்தாயிரத்தை அவர் மறுக்க வாய்ப்பு இருக்கிறது. மறுத்தால் கையில் ஆதாரத்தோடு கேட்கக்கூடியது 5,850 ஆகிவிடும். அவர் என்ன பதில் எழுதுகிறார் என்று பார்த்துவிட்டு, அந்தப் பதிலையும் எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போங்கள்.