கொதிக்காத தண்ணீர்

“மாமிக்கு 76 வயது. போன கிழமை விடியப்புறம் தேத்தண்ணிக்கு மைக்ரோவேவில் தண்ணீர் சுட வைத்தவ. வெளியில் எடுத்துச் சீனி போட்டதும் தண்ணீர் சீறி எழும்பி கை வெந்துவிட்டது. தங்க வரம்பு போட்ட கப் ஒன்று உள்ளே பொறி பறந்த நாளில் இருந்து, மகள் கனடாவில் இருந்து அனுப்பின புதுக் கண்ணாடிக் கப்பைத்தான் பாவிக்கிறோம். முட்டை வெடிக்கும் என்பதும் தெரியும். வெறும் தண்ணீருமா? ‘தண்ணி கொதிக்கேல்லை, அதாலை திருப்பி வைச்சனான்’ என்கிறா மாமி. வயது போனதால் குழம்பிச் சொல்கிறா போல. இனி அதைத் தொடக் கூடாது என்று இவர் சொல்லிவிட்டார். சரிதானே அக்கா?”
– வாசகி, மானிப்பாய்

தங்கச்சி, குழம்பியிருப்பது மாமி இல்லை. நடந்ததை உங்கள் வீட்டில் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவதான். கை வெந்து நிற்கிற மனுசி சொன்ன ஒரு வசனத்தை, வயதைக் காட்டித் தள்ளிவிட்டு எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறீர்.

அந்த வசனத்தையே பாரும். அடுப்பில் கேத்தில் வைத்தால் அடி தகடுதான் முதலில் சுடும். அதில் உள்ள கீறல், கறள் எல்லாவற்றிலும் துளித்துளியாகக் காற்று ஒளிந்திருக்கும். குமிழி அங்கே இருந்துதான் பிறக்கும். அறுபது வருஷமாகக் குசினியில் நின்ற மாமிக்குக் குமிழி வந்தால் கொதி, வராவிட்டால் இன்னும் சூடு போதாது. அவ படித்த பாடம் பிழையில்லை, அடுப்புக்கு.

மைக்ரோவேவ் கப்பைச் சூடாக்குவதில்லை, தண்ணீரைத்தான் நேரே சூடாக்குகிறது. கப்பின் சுவர் தண்ணீரைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். அதுவும் கீறலே இல்லாத புதுக் கண்ணாடி. குமிழி பிறக்க இடமில்லை. அதனால் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் சத்தமில்லாமல் கிடக்கும். முதல் தரம் சுட்டதில் தண்ணீருக்குள் கரைந்திருந்த காற்றும் போய்விடுகிறது. திருப்பி வைத்த தண்ணீருக்கு அந்தக் கொஞ்சத் துணையும் இல்லை. மாமி ‘திருப்பி வைச்சனான்’ என்று சொன்னது இதனால்தான் முக்கியம்.

கணக்கையும் பாரும். ஒரு கப், 250 மில்லிலீட்டர் தண்ணீர், 800 வாட் பெட்டியில் கொதிநிலைக்கு வர ஏறக்குறைய இரண்டு நிமிஷம் போதும். அதற்கு மேலே வெறும் ஐந்து பாகை ஏறினது என்று வையும். சீனி விழுந்ததும் ஒவ்வொரு மணியும் ஒரு குமிழிக்கு இடம் கொடுக்கும். அந்த ஐந்து பாகைச் சூடு இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் கூடின தண்ணீரை ஒரே மூச்சில் ஆவியாக்கும். இரண்டு கிராம் என்று சிரிக்க வேண்டாம். அந்த ஆவிக்குக் கிட்டத்தட்ட நாலு லீட்டர் இடம் வேண்டும். கால் லீட்டர் கப்புக்குள் அது எங்கே போகும்? மேலே நிற்கிற கொதிதண்ணீரைத் தூக்கி எறிந்துகொண்டுதான் வெளியே வரும்.

முட்டையும் இதே கூத்துத்தான். ஓட்டுக்குள் ஆவிக்கு வழியில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஓடு உரித்த அவித்த முட்டையைத் திருப்பிச் சுட வைத்தாலும், மஞ்சட்கருவுக்குள் சின்னச் சின்னதாக அடைபட்ட தண்ணீர் அப்படியே கொதிநிலை தாண்டி நிற்கும். வாயில் கடிக்கும்போது வெடித்த கதைகள் உண்டு. தங்க வரம்பு வேறு சங்கதி. அந்த மெல்லிய பூச்சில் மின்சாரம் ஓடி, வெடிப்பு விழுந்த இடங்களில் பொறியாகத் தாவுகிறது. பொறி கண்ணுக்குத் தெரிந்தது, நீங்கள் பயந்து கப்பை மாற்றினீர்கள். மாற்றின கப்தான் இந்த வேலையைச் செய்திருக்கிறது.

அந்தப் பெட்டியில் தண்ணீர் சுட வைக்கத்தான் வேண்டுமென்றால், வைக்க முதலே ஒரு மரக்கரண்டியைக் கப்புக்குள் விடும். மரத்தின் துளைகளில் உள்ள காற்று குமிழிக்கு வழி விடும். இரண்டு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். நின்ற பிறகும் கதவைத் திறக்காமல் ஒரு நிமிஷம் விட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு எடும். கொதிக்கவில்லை என்று தெரிந்தால் திருப்பி வைக்கவே கூடாது. சீனியும் தேயிலையும் கொஞ்சம் ஆறின பிறகு.

உம்முடைய அவர் போட்ட தடைக்கு நான் ஆமாம் போட மாட்டேன். வீட்டுக்குப் பெரியவ ஒருத்தி விடியப்புறம் தனியாக எழும்பித் தன் தேத்தண்ணியைத் தானே போடுகிறா. அதைப் பற்றி உம்முடைய கடிதத்தில் ஒரு சொல் இல்லை, பெட்டியைத் தொடக் கூடாது என்பது மட்டும் இருக்கிறது. கை ஆறும்வரை நீர் எழும்பிப் போட்டுக் கொடும். பிறகு அவவுக்குக் கை எட்டுகிற உயரத்தில் ஒரு மின்சாரக் கேத்திலை வையும். அதில் தண்ணீர் குமிழி விட்டுத்தான் கொதிக்கும், தானாகவே நிற்கும். அவரையும் கூட்டிக்கொண்டு போய், “மாமி, நீங்கள் சொன்னதுதான் சரி” என்று இன்றைக்கே சொல்லும்.