வைரல் லோடு சோதனை பார்க்காத இடம்

கேள்வி: எச்ஐவிக்கு ஏஆர்டி மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சு மூணு வருஷம் ஆச்சு. வைரல் லோடு 'கண்டறியப்படவில்லை'ன்னே வருது. ரத்தத்துல வைரஸே இல்லைன்னா மாத்திரையை நிறுத்தினா என்ன?

நிறுத்திவிடாதீர்கள். கல்லூரியில் நுண்ணுயிரியல் நடத்துகிறேன். வருடம் தவறாமல் ஒரு மாணவராவது இதைக் கேட்டுவிடுவார்.

வைரல் லோடு சோதனை எண்ணுவது, ரத்தத்தின் திரவப் பகுதியில் மிதக்கும் வைரஸ்களின் ஆர்என்ஏவை மட்டும்தான். ஒரு மில்லிக்கு 20 அல்லது 50 பிரதிகளுக்குக் கீழே போனால் பல கருவிகளுக்கு அது தெரியாது. ஆனால் எச்ஐவி பதுங்கியிருப்பது செல்லுக்குள், டிஎன்ஏவாக. அந்த இடத்தை இந்தச் சோதனை பார்ப்பதே இல்லை.

ஆர்என்ஏ வைரஸ் எப்படி டிஎன்ஏ ஆனது? நோயெதிர்ப்பு வேலை செய்யும் சிடி4 என்ற வெள்ளையணுவுக்குள் நுழையும்போதே தனக்கு வேண்டிய நொதியையும் அது கூட்டி வருகிறது. ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர். டெமின், பால்டிமோர் என்ற இரு விஞ்ஞானிகள் 1970-இல் தனித்தனியாகக் கண்டறிந்தது. சுமார் 9,700 எழுத்து நீளமுள்ள ஆர்என்ஏவைப் படித்து, டிஎன்ஏவாகத் திருப்பி எழுதும். எழுதி முடித்த பகுதியின் ஆர்என்ஏவை வெட்டிப் போட்டுவிட்டு, எதிர் இழையையும் எழுதும். பிழை திருத்தும் பழக்கம் மட்டும் அதற்குக் கிடையாது.

பிறகு இன்டகிரேஸ் வருகிறது. புது டிஎன்ஏவின் இரு முனைகளிலும் இரண்டிரண்டு எழுத்தை நறுக்கி, நம் குரோமோசோமை வெட்டி அதில் ஒட்டிவிடும். ஒட்டிய இடத்தில் மிஞ்சும் சிறு இடைவெளியை அடைப்பது நம் செல்லின் சொந்த நொதிகள்! அதன்பின் அந்தச் செல் பிரியும்போதெல்லாம் வைரஸின் மரபணுவும் சேர்ந்தே நகலாகும்.

நீங்கள் சாப்பிடுவது அநேகமாக டிஎல்டி மாத்திரையாக இருக்கும். அதிலுள்ள டெனோஃபோவிரும் லாமிவுடினும் டிஎன்ஏ எழுத்துகளைப் போல வேடமிட்டு இழைக்குள் புகும். அடுத்த எழுத்தைக் கோக்கக் கொக்கி இல்லாததால் இழை அங்கேயே நின்றுவிடும். டொலுடெக்ராவிர் ஒட்டும் வேலையைத் தடுக்கும். ஆக, மூன்றுமே புதுச் செல்களைத்தான் காக்கின்றன. ஏற்கெனவே ஒட்டிக்கொண்டதை அவற்றால் தொட முடியாது.

அப்படி ஒட்டிய செல்களில் சில, நினைவுச் செல்களாக உறங்கிவிடுகின்றன. வைரஸை உற்பத்தி செய்யாததால் நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணுக்கும் அவை படுவதில்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாலும், இந்தக் கையிருப்பு பாதியாகக் குறைய ஏறத்தாழ 44 மாதம் பிடிக்கும். முழுதும் தீர 70 வருடத்துக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மாத்திரை இல்லாத நேரத்தில் ஒரு செல் விழித்தால் போதும். பெரும்பாலோருக்கு இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் வைரல் லோடு மறுபடி ஏறிவிடும்.

சிலர் நிறுத்தி நிறுத்திச் சாப்பிடுவார்கள். அது இன்னும் மோசம். மருந்து அரைகுறையாக இருக்கும்போது வைரஸ் பெருகினால், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் செய்யும் எழுத்துப் பிழைகளில் ஒன்று அதற்கே லாபமாகிவிடும். அந்த நொதியின் 184-ஆம் இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினாலே லாமிவுடின் சரியாக வேலை செய்யாது. அப்படி மாறிய பிரதியும் டிஎன்ஏவில் ஒட்டி உறங்கப் போய்விடும். பல வருடம் கழித்தும் எழுந்து வரலாம்.

பக்கவிளைவு தாங்காமல்தான் நிறுத்த நினைக்கிறீர்கள் என்றால், ஏஆர்டி மையத்தில் டாக்டரிடம் அதை அப்படியே சொல்லுங்கள். மாற்று மருந்துகள் இருக்கின்றன.