தேடுபொறியின் அரை நொடிக்குள் நடப்பவை

கேள்வி: கோடிக்கணக்கான பக்கங்களைத் தேடி, வரிசைப்படுத்தி, அரை நொடிக்குள் எப்படிக் காட்ட முடிகிறது? அத்தனையையும் அதற்குள் படித்துவிடுமா?

ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காது. படிக்கும் வேலை முன்கூட்டியே முடிந்து, அட்டவணையாகத் தயாராக இருக்கும். புத்தகத்தின் கடைசியில் வரும் சொல்லடைவு மாதிரி, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது இடம்பெறும் பக்கங்களின் எண்கள். தேடல் துறையில் வேலை பார்க்கும் நாங்கள் இதை இன்வெர்ட்டட் இண்டெக்ஸ் என்போம். ஆனால் அட்டவணை இருப்பது மட்டும் வேகத்துக்குப் போதாது. எதைப் பார்க்காமல் விடலாம் என்று கண்டுபிடிப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

ஒரு கோடி பக்கங்கள் உள்ள சிறிய அட்டவணை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். நீங்கள் 'கருந்துளை வெப்பநிலை' என்று தேடுகிறீர்கள். 'கருந்துளை' 40,000 பக்கங்களில் இருக்கிறது, 'வெப்பநிலை' 10 லட்சம் பக்கங்களில்.

```
கருந்துளை: 12, 97, 340, ...
வெப்பநிலை: 3, 8, 12, 15, ... 89, 104, ... 338, 340, ...
```

எண்கள் ஏறுவரிசையில் இருப்பதைக் கவனியுங்கள். இரண்டு சொல்லும் உள்ள பக்கங்கள்தான் நமக்கு வேண்டும். குட்டிப் பட்டியலில் தொடங்குவோம். 12 இரண்டிலும் இருக்கிறது. அடுத்தது 97. பெரிய பட்டியலில் 97-ஐ எட்டும் அல்லது தாண்டும் முதல் எண் 104, ஆகவே 97 கழிந்தது. இப்போது குட்டிப் பட்டியலில் 104-ஐத் தாண்டினால் 340. பெரியதில் தேடினால் 340 கிடைக்கிறது. இடையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகத் தொடவே இல்லை. பட்டியல் சிறு கட்டுகளாகச் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும்; லூசீன் என்ற திறமூல மென்பொருளில் நெடுங்காலம் ஒரு கட்டுக்கு 128 எண்கள். கட்டின் கடைசி எண் தனியே குறித்து வைக்கப்பட்டிருப்பதால், வேண்டாத கட்டைப் பிரிக்காமலே தாண்டலாம்.

அடுத்து மதிப்பெண். அரிதான சொல்லுக்கு அதிக எடை என்ற யோசனையை 1972-இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் முன்வைத்தார். மொத்தப் பக்கங்களை அந்தச் சொல் உள்ள பக்கங்களால் வகுத்து மடக்கை எடுத்தால் எடை வரும். நம் கணக்கில் 'கருந்துளை'க்கு 250-இன் மடக்கை, சுமார் 2.4. 'வெப்பநிலை'க்கு 10-இன் மடக்கை, 1. இன்றும் பரவலாகப் புழங்கும் பிஎம்25 சூத்திரம் இதோடு இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் மதிப்பெண் ஏறிக்கொண்டே போகாமல் ஓர் உச்சத்தை நெருங்கி நிற்கும். நீளமான பக்கத்துக்குச் சற்றுக் குறையும். சொல்லை நூறு முறை எழுதி நிரப்பினால் மேலே வந்துவிடலாம் என்பவர்களின் ஆசை இங்கேயே பெரும்பாலும் அடிபட்டுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இனிதான். ஒவ்வொரு கட்டிலும் கிடைக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பெண்ணையும் முன்பே குறித்துவைப்பார்கள். இதுவரை கிடைத்த முதல் பத்தில் பத்தாவது பக்கம் 3.1 வாங்கியிருக்கிறது என்று வையுங்கள். அடுத்து வரும் பக்கங்கள் இரண்டு சொல்லுக்கும் சேர்த்து எவ்வளவு முயன்றாலும் 2.9-ஐத் தாண்ட முடியாது என்றால், அங்கே நுழையவே வேண்டாம். பதில் மாறாது, வேலை மட்டும் பல மடங்கு குறையும். இப்படித் தாண்டிப் போகும் இயந்திரம் பொருந்தும் பக்கங்களை முழுதாக எண்ணுவதும் இல்லை. 'சுமார் இத்தனை லட்சம் முடிவுகள்' என்று காட்டினால் அது உத்தேசக் கணக்குதான். கடைசிவரை புரட்டிப் பாருங்கள், சில நூறு முடிவுகளோடு நின்றுவிடும்.

வடிகட்டி வந்த சில நூறு அல்லது சில ஆயிரம் பக்கங்களுக்குத்தான் செலவு பிடித்த மறுமதிப்பீடு நடக்கும். கேள்வியின் பொருள், பக்கத்தின் புதுமை, இணைப்புகள் எல்லாம் அங்கே பார்க்கப்படும். ஒரு பக்கத்துக்கு எந்தெந்தப் பக்கங்கள் இணைப்புக் கொடுக்கின்றன என்று பார்க்கும் பேஜ்ரேங்க் போன்ற கணக்கு கேள்வியைச் சாராதது என்பதால், அதையும் முன்பே போட்டு வைத்துவிடலாம்.

உண்மையான அட்டவணை ஒரே கணினியில் அடங்காது. துண்டுபோட்டு நூற்றுக்கணக்கான கணினிகளின் நினைவகத்தில் வைப்பார்கள். கேள்வி எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போகும், ஒவ்வொன்றும் தன் முதல் பத்தை அனுப்பும், மேலே ஒரு கணினி அவற்றைக் கோக்கும். இங்கேதான் தலைவலி. ஒரு கணினி 100 தடவையில் ஒரு தடவை மட்டும் ஒரு நொடி தாமதிக்கிறது என்றால் பெரிய குறையாகத் தெரியாது. ஆனால் 100 கணினிகளின் பதிலுக்கும் காத்திருந்தால், 63 சதவீதத் தேடல்கள் ஒரு நொடி தாமதமாகும். (1-லிருந்து 0.99-இன் நூறாம் அடுக்கைக் கழித்துப் பாருங்கள்.) அதனால் ஒவ்வொரு துண்டுக்கும் பல பிரதிகள் உண்டு. சில மில்லி நொடிகளில் பதில் வராவிட்டால் இன்னொரு பிரதியையும் கேட்டு, முதலில் வருவதை எடுத்துக்கொள்வார்கள். அதற்கும் மசியாத துண்டைச் சில நேரம் விட்டுவிட்டே முடிவைக் காட்டிவிடுவதும் உண்டு. ஒரே தேடலை உடனே திரும்பச் செய்தும் கீழ் வரிசையில் ஒரு முடிவு மாறியிருந்தால், இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.