மங்கிய கார்பன் காப்பியில் எந்த எண்ணை நம்பலாம்?

"அண்ணாச்சி, தக்கலை பக்கம் வீடு கட்டும்போது ஹார்டுவேர் கடையில் வாங்கின சாமானுக்கு ரோஸ் கலர் கார்பன் காப்பிதான் கையில இருக்கு. ஒரிஜினல் தொலைஞ்சு போச்சு. நானும் தம்பியும் செலவைப் பிரிக்கணும். பாதி எண்ணு 1-ஆ 7-ஆ, 3-ஆ 8-ஆன்னே தெரியல. எதை நம்பறது, எதை விடறது?"

நீங்கள் அனுப்பிய நாலு படத்தையும் பார்த்தேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், மொபைலில் 'ஸ்கேன்' ஆப்பில் எடுத்த இரண்டு படத்தையும் அழித்துவிடுங்கள். அந்த ஆப் தாளை வெள்ளையாக்குகிறேன் என்று மங்கலான கோடுகளையும் சேர்த்து வெள்ளையாக்கிவிடுகிறது, 8-ன் இடது பக்கம் போய் 3 ஆகிவிடும், உங்கள் கண்ணும் அதைப் பளிச்சென்று 3 என்றே படிக்கும். சாதாரண கேமராவில் கலரில் எடுத்ததுதான் வேலைக்கு ஆகும்.

கார்பன் தாளின் ஒரு பக்கம் மெழுகோடு கலந்த மை. பேனா அழுத்தின இடத்தில் மட்டும் அது கீழ்த்தாளில் ஒட்டும். அதனால் காப்பியில் விழுவது எழுத்தின் வடிவம் என்பதைவிட அழுத்தத்தின் வடிவம்தான். பெரும்பாலும் மேலிருந்து கீழே இழுக்கும் கோட்டில் அழுத்தம் கூட, படுக்கையாகவும் மேல்நோக்கியும் போகிற கோட்டில் குறைவு. 7-ன் தலைக்கோடு, 5-ன் தொப்பி, 6-ன் மேல் வளைவு, 9-ன் சுழி இதெல்லாம் முதலில் காணாமல் போகும், நடுக்கோடு மிஞ்சும். ஆகவே காப்பியில் '1' தெரிந்தால் அது 7-ஆகவும் இருக்கலாம், ஆனால் தலைக்கோட்டோடு '7' தெரிந்தால் அது 1 ஆக வாய்ப்பு மிகக் குறைவு. தெரியாத கோடு இல்லாத கோடு ஆகாது, தெரிகிற கோட்டைத்தான் நம்ப வேண்டும். அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு, மடித்து வைத்த பில். மெழுகு வெயிலில் இளகி எதிர்ப்பக்கத்தில் ஒட்டி, அங்கே தலைகீழ்ப் பிம்பமாக நிழல் எண் விழும். உங்கள் பில்லில் மடிப்புக்குக் கீழே, இடது ஓரத்தில் இருக்கிற கறை அதுதான், அதை எண்ணாகப் படிக்க வேண்டாம்.

அடுத்து, பார்க்கிற விதம். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைத் தாளுக்குக் கிட்டத்தட்டப் படுக்க வைத்த மாதிரி பிடியுங்கள். பேனா அழுத்தின குழி நிழலாகத் தெரியும். இதில் பலர் விட்டுவிடுவது ஒன்று, வெளிச்சம் கோட்டுக்குக் குறுக்கே போனால்தான் குழி தெரியும். நிற்கிற கோடு பார்க்க டார்ச் பக்கவாட்டில் இருக்கணும், 7-ன் தலைக்கோடு மாதிரிப் படுக்கைக் கோட்டைப் பார்க்கத் தாளின் மேல் விளிம்பிலிருந்து அடிக்கணும். ஒரே பக்கமிருந்து மட்டும் பார்த்துவிட்டு 'இது 1 தான்' என்று சொல்லாதீர்கள். அப்புறம் உங்கள் தாள் ரோஸ், கார்பன் நீலம், இது நல்ல ஜோடி. இன்னொரு மொபைலில் திரை முழுக்கச் சிவப்பு நிறத்தை வைத்து, அந்த வெளிச்சத்தில் மட்டும் பில்லைப் பாருங்கள். ரோஸ் தாள் வெளுத்துத் தெரியும், நீலக் கோடு கறுத்து நிற்கும். கறுப்புக் கார்பனாக இருந்தால் இந்த வித்தையில் பெரிய லாபம் இல்லை. பென்சிலைத் தேய்த்து எழுத்தை எடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், தாள் பாழாகிவிடும்.

சரி, கணக்குக்கு வருவோம். பில் என்பது வெறும் எண் பட்டியல் இல்லை, ஒரே விஷயத்தை இரண்டு மூன்று விதமாகச் சொல்லியிருக்கும். எண்ணிக்கையும் ரேட்டும் பெருக்கினால் தொகை, தொகைகளைக் கூட்டினால் மொத்தம், மொத்தத்தில் 9 சதவீதம் சிஜிஎஸ்டி, அதே அளவு எஸ்ஜிஎஸ்டி, எல்லாம் சேர்ந்து நெட். உங்கள் பில்லில் நான் உறுதியாகப் படித்தது இவ்வளவுதான், சந்தேகமான இடத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறேன்:

4 இஞ்ச் பைப்: 14 எண்ணம், ரேட் 6?5, தொகை 9?90
4 இஞ்ச் எல்போ: 1? எண்ணம், ரேட் ?5, தொகை 1?10
பால் வால்வு: 6 எண்ணம், ரேட் 2?0, தொகை 1?40
கிளாம்ப், ஸ்க்ரூ: தொகை மட்டும் 3?0
டேப், பேஸ்ட்: தொகை மட்டும் 2?0
மொத்தம் 13,3?0
சிஜிஎஸ்டி 1?97.90, எஸ்ஜிஎஸ்டி 11?7.90
நெட் 15,7?6

எல்லோரும் மேலிருந்து ஆரம்பிப்பார்கள். நான் கீழே இருந்துதான் ஆரம்பிப்பேன், அதிலும் பைசாவிலிருந்து. சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் ஒரே எண். ஒன்றில் மங்கினது மற்றதில் தெளிவாக இருக்கிறது, இரண்டையும் சேர்த்தால் 1197.90. இதை 9-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 13,310. மொத்தத்தில் சந்தேகம் 1-ஆ 7-ஆ என்பதுதான். 13,370 என்றால் வரி 1203.30 வந்திருக்கும், பைசாவே ஒத்துப்போகாது. மொத்தம் பத்து ரூபாய் மாறினாலே வரி 90 பைசா நகரும் என்பதால் பைசா நல்ல சாட்சி. நெட்டும் அதையே சொல்கிறது. 13,310-ஓடு இரண்டு வரியையும் கூட்டினால் 15,705.80, ரவுண்ட் செய்தால் 15,706. ஆக மொத்தம், வரி, நெட் மூன்றும் உறுதி.

இப்போது மேலே போகலாம். பைப் ரேட் 635 அல்லது 685. 14-ஐ 635-ஆல் பெருக்கினால் 8,890, ஆனால் தொகையில் முதல் எண் 9 என்பது தெளிவு. 685 என்றால் 9,590, பொருந்துகிறது. எல்போவில் எண்ணிக்கை 13 அல்லது 18, ரேட் 45 அல்லது 95. நாலு விதமாகப் பெருக்கிப் பாருங்கள், 585, 1,235, 810, 1,710. தொகையின் வடிவம் 1?10, அதற்கு 18 பெருக்கல் 95 மட்டும்தான் வரும். இரண்டு எண்ணும் தெரியாமல், தொகையும் அரைகுறையாக இருந்தும் விடை ஒன்றே ஒன்றுதான்.

வால்வில்தான் கொஞ்சம் சிக்கல். 240 என்றால் 1,440, 290 என்றால் 1,740, இரண்டும் 1?40-க்கு ஒத்துப்போகும். வரிசைக்குள்ளேயே முடிவு செய்ய முடியாது. மொத்தத்திடம் போக வேண்டும். பைப்பும் எல்போவும் 11,300. அதோடு 1,740 கூட்டினால் 13,040, மிச்சம் 270 தான். ஆனால் கடைசி இரண்டு வரிசையின் முதல் எண்களான 3-ம் 2-ம் தெளிவாக இருக்கின்றன, அவை சேர்ந்தாலே 500-க்குக் குறையாது. அதனால் 1,740 ஆக முடியாது, வால்வு 240, தொகை 1,440.

மிச்சம் 570. இதை கிளாம்ப் வரிசையும் டேப் வரிசையும் பிரித்துக்கொள்ள வேண்டும். கிளாம்ப் 310-ஆ 370-ஆ, டேப் 200-ஆ 260-ஆ. 310-ம் 260-ம் சேர்ந்தால் 570. 370-ம் 200-ம் சேர்ந்தாலும் 570. இங்கே கணக்கு கைவிரித்துவிட்டது, எவ்வளவு யோசித்தாலும் பதில் வராது. காரணம் எளிது: 1-க்கும் 7-க்கும் வித்தியாசம் 6, 0-க்கும் 6-க்கும் வித்தியாசம் 6. இரண்டு வரிசையில் இந்த மாதிரி ஒரே அளவு சந்தேகம் இருந்தால் ஒன்றில் கூட்டினது மற்றதில் கழிந்துவிடும், மொத்தம் அசையாது. 3-8, 4-9 ஜோடிக்கும் இதே கதைதான், அங்கே வித்தியாசம் 5. இந்த இடத்தில் "மொத்தம் சரியாக வருது, அப்போ 310 தான்" என்று எழுதிவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. மொத்தம் சரியாக வருவது இரண்டில் எதற்கும் சான்று இல்லை, ஏனென்றால் நீங்கள் அந்த மொத்தத்தை வைத்துத்தான் அந்த எண்ணை உண்டாக்கினீர்கள்.

உங்கள் தேவைக்கு இது பெரிய விஷயமும் இல்லை. இரண்டும் பிளம்பிங் செலவு, இரண்டையும் ஒரே தலைப்பில் 570 என்று போட்டால் யாருக்கும் பாதகம் இல்லை. கிளாம்ப் ஒருவர் பங்கு, டேப் இன்னொருவர் பங்கு என்று பிரித்திருந்தால் மட்டும் அந்தக் கிளாம்ப் எண்ணின் மேல் விளிம்பில் டார்ச்சைப் படுக்க வைத்துப் பாருங்கள். படுக்கையாக ஒரு சிறு குழி தெரிந்தால் 370. தெரியாவிட்டால் '310 அல்லது 370' என்றே எழுதிவையுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இன்னொன்று, கடைக்காரரும் மனிதர்தான், கணக்கில் தப்புவார். தெளிவாகத் தெரிகிற மூன்று எண்ணும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருந்தால் அங்கே எண்ணை மாற்றிப் படிக்கத் தேவையில்லை, அது அவர் எழுதியதே அப்படி, அல்லது பேரம் பேசிக் குறைத்தது. எழுதியதை எழுதியபடியே வைத்து, பக்கத்தில் ஒரு குறிப்புப் போடுங்கள். உங்கள் பில்லில் அந்த மாதிரி ஒன்றும் இல்லை.

தேதியை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். மாதம் 1-ஆ 7-ஆ என்று அதிலும் சந்தேகம், ஆனால் பில் நம்பர் அச்சில் விழுந்தது, கார்பன் இல்லை, அது பளிச்சென்று இருக்கிறது. அதே கடையில் அந்த வருஷம் வாங்கிய வேறு பில் ஏதாவது தெளிவாக இருந்தால் எடுங்கள். ஒரே பில் புக்கில் நம்பர் இதற்கு முந்தியதும் பிந்தியதும் எந்தத் தேதி என்று பார்த்தால் இந்தப் பில் எந்த மாதம் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

கடைக்குப் போனாலும் தப்பில்லை. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குப் புத்தகங்களை வருடாந்திர ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும், அதனால் அவர்களிடம் இருக்க வேண்டியதுதான். ஒன்றே ஒன்று, சரக்கு பில் மூன்று காப்பி போடுவது வழக்கம், அதில் கடையில் இருப்பது அடித்தாளாகவும் இருக்கலாம், அப்படியென்றால் உங்களுடையதைவிட மங்கலாக இருக்கும். போகும்போது கிளாம்ப், டேப் இந்த இரண்டு வரிசையை மட்டும் கேளுங்கள், மற்றதெல்லாம் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது.