5-ஆவது ஹாப்பில் 190 வருகிறதே?

"tracert போட்டேன். 1-ஆவது வரி 62 ms, 2-ஆவது 66, 5-ஆவது 190, கடைசி 9-ஆவது 95. தாமதம் 5-ஆவதில்தானே?"

இல்லைங்க. ஒவ்வொரு வரியிலும் இருப்பது உங்கள் கணினியிலிருந்து அந்த ஹாப் வரை போய்த் திரும்பும் மொத்த நேரம். 5-ஆவது ரவுட்டர் உண்மையிலேயே பாக்கெட்டுகளைத் தாமதப்படுத்தினால், அதைத் தாண்டிப் போகும் 9-ஆவதும் 190-க்குக் குறையாது. அந்த ரவுட்டர் பாக்கெட்டுகளை உடனே கடத்திவிடுகிறது. Tracert கேட்கும் பதிலை மட்டும் தன் சிபியூ ஓய்வாக இருக்கும்போது அனுப்புகிறது. அதை விட்டுவிடுங்கள்.

ஏறி, பிறகு இறங்காமலே தொடரும் எண்ணைத்தான் தேட வேண்டும். உங்களிடம் அது முதல் வரியிலேயே இருக்கிறது. வீட்டு ரவுட்டருக்கு 62 மிக அதிகம். வைஃபையில்கூடச் சில ms-தான் வர வேண்டும். முதல் வரியில் தெரியும் முகவரிக்கு இப்படிப் போட்டுப் பாருங்கள்:

```
ping -n 50 192.168.1.1
```

அப்புறம் லேன் கேபிள் செருகி அதையே மறுபடி போடுங்கள். 1 ms அளவுக்கு இறங்கினால் பிரச்சினை வைஃபைதான்: 5 GHz-க்கு மாறுங்கள், அல்லது ரவுட்டரைப் பக்கத்தில் வையுங்கள். கடைசி வரியும் ஏறக்குறைய 35-க்கு வந்துவிடும். கேபிளிலும் 60 வந்தால் ரவுட்டரையே சந்தேகப்பட வேண்டும்.